மூலக்கல விண்ணப்பத்தில் ஒப்பமிடும் முன்: கொழும்பின் ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வளர்ந்த ஒருவரின் தோலிலிருந்தோ குருதியிலிருந்தோ எடுத்த கலங்களை மீளநிரற்படுத்தி, அவற்றிலிருந்து விழித்திரைக் கலமோ இதயத் தசைக் கலமோ நரம்புக் கலமோ உருவாக்கி, நோயாளியின் உடலில் வைக்க அனுமதி கேட்கும் விண்ணப்பங்கள் உங்கள் மேசைக்கு வரும். ஐ.பி.எஸ். கலங்கள் என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் தூண்டப்பட்ட பல்லாற்றல் மூலக்கலங்கள் இவைதாம். அந்த விண்ணப்பத்தில் நோயின் கொடுமை பற்றி இருபது பக்கம் இருக்கும். கலத்தை எப்படிச் செய்தார்கள், செய்த பிறகு எப்படிச் சோதித்தார்கள் என்பதற்கு அரைப்பக்கம் இருக்கலாம். நீங்கள் நேரம் செலவிட வேண்டியது அந்த அரைப்பக்கத்தில். எதைக் கேட்க வேண்டும், ஏன் கேட்க வேண்டும் என்பதைச் சொல்லவே இந்த மடல்.

முதலில் ஒரு சஞ்சிகை இதழைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். 2017 மார்ச் 16ஆம் திகதிய 'நியூ இங்கிலண்ட் ஜேர்னல் ஒஃப் மெடிசின்' இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. இரண்டும் வயதானவர்களுக்கு மஞ்சட்புள்ளி சிதையும் நோய் பற்றியவை. இரண்டிலும் "மூலக்கலம்" என்ற சொல் உண்டு. ஒன்று ஜப்பானின் கோபே நகரில் மசாயோ தகாஹாஷியின் குழு 77 வயதுப் பெண்மணி ஒருவருக்கு 2014 செப்டெம்பரில் செய்த ஐ.பி.எஸ். விழித்திரைக் கல மாற்றுச் சிகிச்சை. மற்றது அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் மூன்று மூதாட்டிகளுக்கு நேர்ந்தது. அவர்களின் வயிற்றுக் கொழுப்பிலிருந்து பிரித்தெடுத்த கலங்களை ஒரே நாளில் இரு கண்களுக்குள்ளும் ஊசியால் செலுத்தினார்கள். குருதிக் கசிவும் விழித்திரைப் பிரிவும் ஏற்பட்டு, மூவரும் பார்வையைப் பெருமளவு இழந்தார்கள். அந்தச் சிகிச்சைக்கு அவர்கள் பணமும் கட்டியிருந்தார்கள். மருத்துவப் பரிசோதனைகளைப் பதியும் இணையத்தளத்தில் அந்த நிலையத்தின் பெயரில் ஒரு பதிவும் இருந்தது. பதிவு என்பது அனுமதி அல்ல. உங்களிடம் வரும் விண்ணப்பத்தில் பதிவிலக்கம் ஒன்று காட்டப்பட்டால் அதற்கு அந்த அளவு மதிப்பை மட்டும் கொடுங்கள்.

கோபேயில் நடந்ததை விரிவாகப் பார்க்க வேண்டும். அதற்கு முன் மீள்நிரற்படுத்தல் என்றால் என்னவென்று பார்ப்போம்.

தோற்கலத்துக்குள்ளும் கருவின் ஆரம்பக் கலத்துக்குள்ளும் இருக்கும் மரபணுக்கள் ஒன்றே. வித்தியாசம் எது திறந்திருக்கிறது, எது இறுக மடிக்கப்பட்டு மூடியிருக்கிறது என்பதில்தான். 2006இல் ஷின்யா யமனகாவும் கசுதோஷி தகாஹாஷியும் 24 மரபணுக்களை வைத்துத் தொடங்கி, ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்து, நான்கு போதும் என்று எலிக் கலத்தில் காட்டினார்கள்: ஒக்ட்3/4, சொக்ஸ்2, கே.எல்.எஃப்.4, சி-மிக். அடுத்த ஆண்டு மனிதக் கலத்திலும் அது நடந்தது. இந்த மரபணுக்கள் ஆக்கும் புரதங்கள் மூடியிருக்கும் டி.என்.ஏ. பகுதிகளில் போய் ஒட்டித் திறக்கின்றன. சில வாரங்களில் கலத்தின் சொந்த ஒக்ட்3/4, நானோக் மரபணுக்கள் விழித்து, ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கத் தொடங்கும். அந்தக் கட்டம் வந்ததும் வெளியிலிருந்து கொடுத்த நான்கும் தேவையில்லை. பெரும்பாலான கலங்கள் அந்தக் கட்டத்தை எட்டுவதேயில்லை. 2007ஆம் ஆண்டின் முறையில் 50,000 தோற்கலங்களிலிருந்து ஏறத்தாழ 10 ஐ.பி.எஸ். கலத் திரள்களே கிடைத்தன.

இன்று பல ஆய்வுகூடங்கள் தோலுக்குப் பதிலாகக் குருதியில் தொடங்குகின்றன. சில மில்லிலீற்றர் குருதியிலிருந்து வெண்குருதிக் கலங்களைப் பிரித்து, நான்கு நாட்கள் வளர்ச்சிக் காரணிகளோடு வைத்துப் பெருக்குவார்கள். பிறகு நான்கு மரபணுக்களையும் சென்டாய் வைரசில் ஏற்றிக் கலத்துக்குள் அனுப்புவார்கள். வைரஸ் கொடுத்த மூன்றாம் நாள் லமினின் அல்லது விட்ரோனெக்டின் என்ற புரதம் பூசிய தட்டுக்கு மாற்றி, ஏழாம் நாளளவில் மூலக்கல ஊடகத்துக்குப் படிப்படியாகப் பழக்குவார்கள். இரண்டு வாரமாகும்போது நுணுக்குக்காட்டியில் முதல் திரள்கள் தெரியும். நல்ல திரள் தட்டையாக, கலங்கள் நெருக்கமாக, விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் கூராக இருக்கும். கலத்தின் பெரும்பகுதியைக் கலக்கருவே நிரப்பியிருக்கும். விளிம்பு கலைந்து கலங்கள் நீளத் தொடங்கினாலோ, நடுப்பகுதி தடித்துக் கறுத்தாலோ அது வேறு கலமாக மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மூன்று நான்கு வாரத்தில் நல்ல திரள்களைத் தனித்தனியாக எடுத்து வெவ்வேறு குழிகளில் வளர்ப்பார்கள். ஒவ்வொரு திரளும் தனிக் கல வழியாகிறது. ஒரே மனிதரின் கலங்கள்தானே என்று அவற்றை ஒன்றாகக் கருதக்கூடாது. ஒவ்வொரு வழிக்கும் அதனதன் சோதனை வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி இங்கே பிறக்கிறது: மரபணுக்களை எதில் ஏற்றி அனுப்பினார்கள்? அது இப்போது எங்கே? ஆரம்பத்தில் பயன்படுத்திய ரெட்ரோ வைரஸ் கலத்தின் டி.என்.ஏ.க்குள்ளேயே புகுந்து தங்கிவிடும். அப்படிச் செய்த கலங்களிலிருந்து பிறந்த எலிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குக் கட்டி வந்தது. மௌனமாகிக் கிடந்த சி-மிக் மீண்டும் விழித்ததே காரணம். சென்டாய் ஆர்.என்.ஏ. வைரஸ். கலத்தின் கருவுக்குள் போகாது. கலம் பிரியப் பிரிய ஐதாகி மறையும். பொதுவாக, பெருகிய கலங்களைப் பத்துத் தடவை புதிய தட்டுக்கு மாற்றியதும், அதாவது ஏறத்தாழ இரண்டு மாதத்தில், ஆர்.ரி.-பி.சி.ஆர். சோதனையில் அது தெரியாமல் போக வேண்டும். சில கல வழிகளில் அது மறையாது. அந்தக் கலங்கள் சொந்தக் காலில் நிற்கவில்லை, வைரஸ் கொடுக்கும் புரதத்தில்தான் இன்னமும் வாழ்கின்றன என்ற சந்தேகம் அப்போது எழவேண்டும். ஆகவே வைரஸ் அகன்றது என்ற சான்று பாதுகாப்புக்கு மட்டுமல்ல, மீள்நிரற்படுத்தல் உண்மையில் முடிந்ததா என்பதற்கும் சான்று. எத்தனையாவது மாற்றில் சோதித்தார்கள் என்ற எண் விண்ணப்பத்தில் இல்லையென்றால் அதைத் திருப்பியனுப்புங்கள்.

இனி கோபே. முதல் நோயாளியின் தோலில் 4 மில்லிமீற்றர் துண்டு எடுத்து, கலத்தின் டி.என்.ஏ.க்குள் புகாத பிளாஸ்மிட்டுகள் என்ற சிறு டி.என்.ஏ. வளையங்களைக் கொண்டு ஐ.பி.எஸ். கலங்களாக்கி, அவற்றை விழித்திரையின் நிறமிக் கலங்களாக மாற்றி, 1.3 க்கு 3 மில்லிமீற்றர் படலமாக வளர்த்தார்கள். தோலெடுத்ததிலிருந்து சத்திரசிகிச்சை வரை ஏறத்தாழ பத்து மாதம். செலவு ஏறத்தாழ 10 கோடி யென் என்று அக்காலத்தில் தெரிவிக்கப்பட்டது. ஓராண்டு கழித்துப் படலம் வைத்த இடத்தில் இருந்தது. கட்டியும் இல்லை, உடல் அதை நிராகரிக்கவும் இல்லை. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தும் கொடுக்கப்படவில்லை. பார்வை கூடவுமில்லை, குறையவுமில்லை. இதை நாங்கள் நல்ல விளைவு என்றே கருதுகிறோம், ஏனென்றால் அந்தப் பரிசோதனை பாதுகாப்பைப் பார்க்கவே செய்யப்பட்டது. ஆனால் இதே கட்டுரையைக் காட்டி "விழித்திரை நோய் குணமானது" என்று எவரேனும் எழுதியிருந்தால், அவர் கட்டுரையை வாசிக்கவில்லை.

இரண்டாவது நோயாளி 68 வயதான ஆண். அவருக்கும் படலம் தயாரானது. ஆனால் கொடுக்கவில்லை. அவருடைய ஐ.பி.எஸ். கலங்களின் மரபணுத் தொகுதியில் மூன்று இடங்களில் சிறு பகுதிகள் காணாமற்போயிருந்தன. முதலில் எடுத்த தோற்கலங்களில் அந்தக் குறைகள் தெரியவில்லை. இவை புற்றுநோயைத் தரும் என்று எவரும் நிறுவவில்லை. தராது என்றும் சொல்ல முடியவில்லை. அவரது நோயோ ஊசி மருந்தில் கட்டுப்பட்டிருந்தது. ஆகவே நிறுத்தினார்கள். மாதக்கணக்கான வேலையையும் அவ்வளவு பணத்தையும் விட்டுக்கொடுத்து "வேண்டாம்" என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், முழு மரபணுத் தொகுதியையும் வாசித்துப் பார்த்ததுதான். பார்க்காதவருக்கு நிறுத்தும் சந்தர்ப்பமே வராது.

இந்த இடத்தில்தான் விண்ணப்பங்கள் பெரும்பாலும் மெல்லியவை. "நிறமூர்த்தச் சோதனை இயல்பு" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி எவ்வளவு சொல்கிறது என்று பாருங்கள். வழக்கமான பட்டைச் சாயச் சோதனையில் 20 கலங்களின் நிறமூர்த்தங்களை நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். தட்டிலுள்ள கலங்களில் 5 சதவீதம் பழுதானவை என்று வைத்துக்கொள்வோம். எடுத்த 20இல் ஒன்றுகூடப் பழுதாக இல்லாதிருக்கும் வாய்ப்பு 0.95ஐ 20 தடவை பெருக்கினால் வரும் 0.36. மேலதிகமாக ஒரு நிறமூர்த்தம் இருப்பதை உண்மையான மாற்றம் என்று அறிக்கையிடக் குறைந்தது இரண்டு கலத்திலாவது அது தெரியவேண்டும் என்பது வழக்கம். ஒரே ஒரு கலத்தில் தெரிவதற்கான வாய்ப்பு 0.38. இரண்டையும் கூட்டினால் 0.74. அதாவது நான்கில் மூன்று தடவை, பழுது இருந்தும் "இயல்பு" என்ற அறிக்கை உங்களுக்கு வரும்.

எண்ணிக்கை மட்டும் பிரச்சினையல்ல, பருமனும் பிரச்சினை. 50 இலட்சம் முதல் ஒரு கோடி காரச் சோடிகளுக்குக் குறைவான மாற்றம் அந்தச் சோதனையில் தெரியாது. ஐ.பி.எஸ். கலங்களில் அடிக்கடி வரும் பழுதோ பெரும்பாலும் அதற்கும் சிறியது: 20ஆம் நிறமூர்த்தத்தின் நீண்ட கரத்தில் 20q11.21 என்ற பகுதி இரட்டிப்பாதல். அந்தப் பகுதியில் பி.சி.எல்.2.எல்.1 என்ற மரபணு இருக்கிறது. கலம் தற்கொலை செய்துகொள்வதை அது தடுக்கும். தட்டு மாற்றும்போது கலங்களைப் பிரித்தெடுக்கையில் நல்ல ஐ.பி.எஸ். கலங்களில் பல இறந்துபோகும். இரட்டிப்பான கலம் பிழைக்கும். ஒவ்வொரு மாற்றிலும் அந்தக் கலங்களின் விகிதம் ஏறி, களை மூடிய வயலாகச் சில மாதத்தில் தட்டு முழுவதும் அவையாகிவிடும். வளர்ப்பவருக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: கலங்கள் திடீரென்று நன்றாக வளர்கின்றன, மாற்றியபின் குறைவாக இறக்கின்றன. அனுபவமில்லாதவர் அதைக் கண்டு மகிழ்வார். எங்கள் தொழிலில் அது எச்சரிக்கை மணி. 20q பகுதிக்கெனத் தனியாக அளவுசார் பி.சி.ஆர். அல்லது ஒளிர்சாயச் சோதனை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கட்டிகளைத் தடுக்கும் டி.பி.53 மரபணுவில் பிறழ்வு உண்டா என்று பார்க்கத் தொடர்வரிசை வாசிப்பும் வேண்டும். அந்தப் பிறழ்வுள்ள கலங்களும் இதேபோல் தட்டில் மேலெழுவது பல கல வழிகளில் கண்டறியப்பட்டது. எல்லாவற்றையும்விட, எந்த நாளில் சோதித்தார்கள் என்பதைக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு முன் உறையவைத்த முதற்குப்பியின் அறிக்கை, இன்று நோயாளிக்குப் போகும் தொகுதியைப் பற்றி எதுவும் சொல்லாது.

அடுத்தது எச்சக் கலங்கள். இதயத் தசைக்காக மாற்றிய தொகுதியில் மாறாமல் ஐ.பி.எஸ். கலமாகவே நிற்பவை சில இருக்கும். அவை உடலுக்குள் போனால் பல், முடி, குருத்தெலும்பு எல்லாம் கலந்த டெரட்டோமா என்ற கட்டியாக வளரக்கூடும். நோயெதிர்ப்பற்ற பரிசோதனை எலிகளில் சில நூறு கலங்களிலிருந்தே கட்டி உருவாகியிருக்கிறது. விண்ணப்பத்தில் "எச்சக் கலங்கள் கண்டறியப்படவில்லை" என்று எழுதியிருக்கும். கண்டறியும் சோதனையின் அடிமட்ட எல்லை என்ன என்று கேட்டு, அதை மருந்தளவால் நீங்களே பெருக்கிப் பாருங்கள். லின்28 மரபணுவை அளக்கும் பி.சி.ஆர். விழித்திரை நிறமிக் கலங்களுக்கிடையில் 0.002 சதவீதம் வரை காணும், நல்ல சோதனை. ஒரு இலட்சம் விழித்திரைக் கலம் வைக்கும்போது அந்த எல்லைக்குக் கீழே தப்பக்கூடியவை 2 கலங்கள். இதயத்தில் ஒட்டும் படலத்துக்கு 10 கோடி கலம் தேவைப்படலாம். அதே உணர்திறனில் தப்பக்கூடியவை 2,000. "கண்டறியப்படவில்லை" என்ற அதே சொல், இரண்டு உறுப்புகளில் இரண்டு பொருள் தருகிறது. இதனால்தான் இந்தத் துறை கண்ணில் தொடங்கியது: சிறிய மருந்தளவு, வெளியிலிருந்தே பார்க்கக்கூடிய இடம், தவறினால் லேசரால் அழிக்கலாம். இதயத்திலோ மூளையிலோ அப்படித் திரும்பி வர வழியில்லை.

மூளைக்கு வைத்தவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்பதை ஜப்பானின் கியோத்தோ நகரில் நடந்த பரிசோதனை காட்டுகிறது. 2018இல் தொடங்கி 2025இல் முடிவு வெளியான பார்க்கின்சன் பரிசோதனையில், மாற்றிய கலங்களை அப்படியே வைக்காமல், கொரின் என்ற மேற்பரப்புப் புரதத்தைக் கொண்டவற்றை மட்டும் கருவியால் தெரிவுசெய்து எடுத்தார்கள். ஏழு பேருக்கு, மூளையின் இரு பக்கங்களுக்குமாக ஏறத்தாழ 50 இலட்சம் அல்லது ஒரு கோடி கலம். இரண்டாண்டில் கட்டி எதுவுமில்லை. பயன் மதிப்பிடப்பட்ட ஆறு பேரில் நால்வரின் அசைவு, மருந்து எடுக்காத நேரத்தில் மேம்பட்டது. மருந்துப்போலி பெற்ற ஒப்பீட்டுக் குழு அதில் இருக்கவில்லை. பார்க்கின்சன் நோயில் நம்பிக்கையே அசைவைச் சிலகாலம் கூட்டும் என்பதால் அதை மறக்கக்கூடாது.

அந்த ஏழு பேருக்கும் நோயெதிர்ப்பை அடக்கும் டக்ரோலிமஸ் மருந்து கொடுக்கப்பட்டது. காரணம், கலம் அவர்களுடையதல்ல, கொடையாளி ஒருவருடையது. ஒவ்வொரு நோயாளிக்கும் பத்து மாதமும் 10 கோடி யென்னும் செலவிட முடியாது என்பதை கோபே அனுபவம் காட்டியதும், ஜப்பான் கொடையாளிக் கலக் களஞ்சியத்துக்குத் திரும்பியது. இழைய ஒவ்வுமை மரபணுக்கள் இரு பெற்றோரிடமிருந்தும் ஒரேமாதிரி வந்த அரிய கொடையாளிகளைத் தேடிப்பிடித்து, முதலாமவர் ஒருவரின் கலம் ஜப்பானியரில் 17 சதவீதத்தினருக்கும், நான்கு வகைகள் ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்கும் பொருந்தும் என்று கணக்கிட்டார்கள். இந்த எண்கள் ஜப்பானியருக்கானவை. அவற்றை இலங்கையருக்கு அப்படியே எடுத்து எழுதியிருக்கும் விண்ணப்பத்தைக் கண்டால் கேள்வி கேளுங்கள்: இங்குள்ள நோயாளியின் வகை என்ன, பொருந்தாவிட்டால் எவ்வளவு காலம் டக்ரோலிமஸ், அதன் குருதி மட்டத்தை எங்கே யார் பார்ப்பார்? அந்த மருந்து சிறுநீரகத்தைத் தாக்கும், குருதியில் சீனியையும் ஏற்றும். ஏற்கெனவே நீரிழிவும் சிறுநீரகக் குறைபாடும் உள்ள முதியவருக்கு, கலத்தைவிட மருந்தே முதல் ஆபத்தாகலாம்.

கலம் வெளிநாட்டில் செய்யப்பட்டு கொழும்புக்கு வருமானால், கட்டுநாயக்க விமான நிலையத்தையும் கணக்கில் எடுங்கள். உறைந்த குப்பிகள் திரவ நைதரசன் ஊறிய உலர் கொள்கலத்தில் வரும். சரியாக நிரப்பி நிமிர்த்தி வைத்தால் பல வகைக் கொள்கலங்கள் ஒரு வாரத்துக்கு மேல் குளிரைத் தாங்கும், சரித்துப் போட்டாலோ திரும்பத் திரும்பத் திறந்தாலோ தாங்காது. சுங்கத்தில் தங்கிய நேரத்தையும் சேர்த்து முழுப் பயணத்துக்குமான வெப்பநிலைப் பதிவை ஒப்படைக்கும்படி நிபந்தனை விதியுங்கள். உருக்கிய பின் உயிருள்ள கலம் எத்தனை சதவீதம், எத்தனைக்குக் கீழே போனால் கொடுக்கமாட்டோம் என்ற எண் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். சத்திரசிகிச்சைக் கூடத்தில் நோயாளி மயக்கத்தில் கிடக்கும்போது அந்த எண்ணைப் பேரம்பேச எவருக்கும் இடம் இருக்கக்கூடாது. மைக்கோபிளாஸ்மா சோதனையும் அதே தொகுதிக்கு வேண்டும். மற்றப் பற்றீரியா போல் அது ஊடகத்தைக் கலங்கலாக்காது, பி.சி.ஆர். செய்யாமல் கண்ணுக்குத் தெரியாது.

கடைசியாக, பலரும் விட்டுவிடும் ஒன்று. நோயாளிக்குக் கொடுத்த அதே தொகுதியிலிருந்து சில குப்பிகளையும், சிகிச்சைக்கு முன் எடுத்த நோயாளியின் குருதி மாதிரியையும் நீண்ட காலத்துக்கு உறைநிலையில் வைத்திருக்கும்படி கட்டளையிடுங்கள். ஆறாம் ஆண்டில் அவருக்கு ஒரு கட்டி வந்தால், அது வைத்த கலத்திலிருந்து வந்ததா தானாக வந்ததா என்று அவரது குடும்பம் கேட்கும். கலம் கொடையாளியுடையதென்றால், தந்தை யாரென்று அறியச் செய்யும் டி.என்.ஏ. அடையாளச் சோதனையே ஒரு நாளில் விடை தரும். கலம் அவருடையதேயென்றால் அந்தச் சோதனையால் பயனில்லை, இரண்டும் ஒரே டி.என்.ஏ.; வளர்ப்பில் புதிதாக வந்த பிறழ்வுகளைக் குப்பியில் வாசித்து, கட்டியிலும் அவை உண்டா என்று தேட வேண்டும். குப்பி இல்லாவிட்டால் தேட எதுவுமில்லை. எந்த உறைபெட்டியில், யாருடைய பொறுப்பில், மின் தடைப்பட்டால் எந்த மாற்று ஏற்பாட்டில் அந்தக் குப்பி இருக்கும் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கொழும்பு ஆய்வுகூடங்களில் கல வளர்ப்புப் பணியிலிருப்போர்